உருபுக்கு நிகர்ச்சொல் தேடாதீர்கள்: தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது நேரும் பிழைகள்

"நாய் பூனையைத் துரத்தியது" என்று சொன்னாலும், "பூனையை நாய் துரத்தியது" என்று சொன்னாலும் துரத்தியது நாய்தான், ஓடியது பூனைதான். சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறாததற்குக் காரணம், பூனையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ' என்னும் உருபு. அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே போனாலும், செயலுக்கு உள்ளாவது இதுதான் என்ற செய்தியை உருபு தன்னோடு சுமந்து செல்கிறது. ஆங்கிலத்தில் பூனை என்ற சொல்லுக்கு அப்படிப்பட்ட ஒட்டு எதுவும் கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பது செய்பவர், பின்னால் நிற்பது செயலுக்கு உள்ளாவது என்று இடத்தை வைத்துத்தான் அந்த மொழி பொருளை முடிவு செய்கிறது. ஆகவே, இரண்டாவது தமிழ் வாக்கியத்தை இருந்த வரிசையிலேயே எடுத்து, வினையை மட்டும் நடுவில் வைத்து 'தி கேட் சேஸ்ட் தி டாக்' என்று எழுதிவிட்டால், பூனை நாயைத் துரத்தியதாகிவிடும். இலக்கணத்தில் பிழையே இல்லாத, ஆனால் பொருள் தலைகீழாகிவிட்ட வாக்கியம் அது. படிப்பவருக்கு ஐயமே எழாது என்பதால் இத்தகைய பிழையைப் பின்னர் கண்டுபிடிப்பதும் கடினம்.

தமிழ் உருபை நம்புகிறது, ஆங்கிலம் இடத்தை நம்புகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது நேரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பதால், தனித்தனி விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இதன் விளைவுகளை நிதானமாகத் தொடர்ந்து பார்ப்பதே பயன் தரும்.

தலைச்சொல் எந்தப் பக்கம் இருக்கிறது?

தமிழில் ஒரு தொடரின் தலைச்சொல், அதாவது முதன்மையான சொல், இயல்பாகக் கடைசியில் வரும். வாக்கியத்துக்கு முதன்மையானது வினைமுற்று. அது இறுதியில் நிற்கிறது. "மேசையின் மேல்" என்ற தொடரில் உறவைச் சொல்வது 'மேல்'. அதுவும் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. "நேற்று வந்த கடிதம்" என்பதில் நாம் பேசும் பொருள் கடிதம். அதைப் பற்றிய விவரம் முழுவதும் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. "மழை வரும் என்று அவர் சொன்னார்" என்பதில், சொல்லப்பட்ட செய்தி முதலில் வந்து, 'என்று' அதை மூடி, அதன்பிறகே சொன்னார் என்ற வினை வருகிறது. ஆங்கிலம் இந்த நான்கையும் திருப்பிப் போடும். வினை முன்னால் வரும், 'ஆன்' என்ற சொல் மேசைக்கு முன்னால் வரும், கடிதம் முதலில் வந்து விவரம் பின்தொடரும், சொன்னார் என்பது வந்த பிறகே சொன்னது என்ன என்பது வரும்.

இவை நான்கு தனி விதிகள் அல்ல. அமெரிக்க மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பெர்க் 1963இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் கன்னடம் உள்ளிட்ட 30 மொழிகளை ஒப்பிட்டு, வினை இறுதியில் வரும் மொழிகளில் இடவுறவைச் சொல்லும் சொற்களும் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன என்று காட்டினார். வினையின் இடமும் உருபின் இடமும் சேர்ந்தே அமையும் ஒரே குணத்தின் இரு முகங்கள் என்று புரிந்துகொண்டால், வினையை மட்டும் நடுவில் நகர்த்திவிட்டு மற்றவற்றைத் தமிழ் வரிசையிலேயே விட்டுவைக்கும் அரைகுறை மாற்றம் ஏன் பிழையாகிறது என்பது விளங்கும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் செய்வது இந்த அரை மாற்றத்தைத்தான். 'ஐ சா எஸ்டர்டே கேம் லெட்டர்' என்று எழுதும் ஒருவர், பார்த்தேன் என்ற வினையைச் சரியாக முன்னால் கொண்டுவந்துவிட்டார். கடிதத்தைப் பற்றிய விவரத்தை மட்டும் தமிழில் இருந்தபடியே கடிதத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். 'ஐ சா தி லெட்டர் தட் கேம் எஸ்டர்டே' என்பதில் அந்தச் சிறு தொடரின் உள்ளேயும் எல்லாம் திரும்பியிருக்கிறது. கடிதம் முதலில், வந்தது அடுத்து, நேற்று கடைசியில்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒற்றைச் சொல்லாக வரும் பெயரடை இரண்டு மொழியிலும் பெயருக்கு முன்னால்தான் வரும். சிவப்புப் பை என்பது 'ரெட் பேக்' ஆகவே இருக்கும். 'மை', 'ஹிஸ்' போன்ற உடைமைச் சொற்களும் அப்படியே முன்னால் நிற்கும். விவரம் ஒற்றைச் சொல்லைத் தாண்டி, தனக்கென ஒரு வினையோ இடவுறவோ கொண்ட தொடராக வளரும்போதுதான் ஆங்கிலம் அதைப் பெயருக்குப் பின்னால் தள்ளுகிறது.

பெயரெச்சம் விழுங்கிவிடும் உருபு

சொல்வரிசையும் உருபும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும் இடம் பெயரெச்சம். நான் பார்த்தவரை, ஓரளவு நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் தடுமாறும் இடம் இது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

"நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்" என்ற வாக்கியத்தில் நாற்காலிக்கும் உட்கார்தலுக்கும் உள்ள உறவை 'இல்' சொல்கிறது. இதையே "நான் உட்கார்ந்த நாற்காலி" என்று மாற்றினால் அந்த 'இல்' மறைந்துவிடுகிறது. தமிழுக்கு அது குறையே இல்லை. உட்கார்தலுக்கும் நாற்காலிக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்வார். அதேபோல் "நான் பேனாவால் எழுதினேன்" என்பது "நான் எழுதிய பேனா" ஆகும்போது 'ஆல்' மறைகிறது. "நான் மாணவிக்குப் பரிசு கொடுத்தேன்" என்பது "நான் பரிசு கொடுத்த மாணவி" ஆகும்போது 'கு' மறைகிறது. மூன்று வெவ்வேறு உறவுகள், ஆனால் பெயரெச்சத்துக்கு வெளித்தோற்றம் ஒன்றே.

ஆங்கிலம் இந்த ஊகத்தைக் கேட்பவரிடம் விடுவதில்லை. நாற்காலி முன்னால் போய்விட்டாலும், அதன் உறவைச் சொல்லும் சொல் பழைய இடத்திலேயே காத்திருக்க வேண்டும். 'தி சேர் ஐ சாட் ஆன்', 'தி பென் ஐ ரோட் வித்', 'தி ஸ்டூடன்ட் ஐ கேவ் தி பிரைஸ் டு' என்றுதான் அவை வரும். தமிழ்த் தொடரில் 'ஆன்', 'வித்', 'டு' ஆகியவற்றுக்கு இணையாக எதுவுமே கண்ணில் படுவதில்லை என்பதால், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் 'தி சேர் ஐ சாட்' என்று நிறுத்திவிடுவார். அவர் எதையும் தவறாகப் பெயர்க்கவில்லை. தமிழ் விழுங்கிவிட்ட ஒன்றை மீட்டெடுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

மீட்டெடுக்கும் வழி எளிது. பெயரெச்சத்தை உடைத்து, மனத்துக்குள் முழு வாக்கியமாக்கிக்கொள்ள வேண்டும். "நான் உட்கார்ந்த நாற்காலி" என்று வந்தால், "நான் நாற்காலி... உட்கார்ந்தேன்" என்று சொல்லிப் பார்த்து, நடுவில் எந்த உருபு வருகிறது என்று கேட்க வேண்டும். உருபு எதுவும் வராமல், அந்தப் பெயரே செயலைச் செய்வதாகவும் இருந்தால், அதுவே எழுவாய். அப்போது ஆங்கிலத்தில் 'ஹூ' அல்லது 'தட்' என்பதை எழுவாயாக வைத்து உடனே வினையைத் தொடரலாம். "என்னைப் பார்த்த மனிதர்" என்பதை உடைத்தால் "மனிதர் என்னைப் பார்த்தார்" என்று வரும். ஆகவே 'தி மேன் ஹூ சா மீ'. "நான் பார்த்த மனிதர்" என்பதை உடைத்தால் "நான் மனிதரைப் பார்த்தேன்" என்று 'ஐ' வரும். ஆகவே 'தி மேன் ஐ சா'. மற்ற உருபு வந்தால், ஆங்கில வினையோடு சேரும் 'ஆன்', 'வித்' போன்ற முன்னிடைச்சொல் ஒன்று பெரும்பாலும் கடைசியில் மிஞ்ச வேண்டும். இடமும் காலமும் மட்டும் சற்று விலக்கு: "நான் படித்த பள்ளி", "நான் பிறந்த ஆண்டு" போன்றவற்றில் 'வேர்', 'வென்' என்ற சொற்களே உறவைச் சுமந்துகொள்வதால், 'தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்' என்பதன் முடிவில் 'அட்' என்று இன்னொன்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

இந்த உடைத்துப் பார்க்கும் பழக்கம் எழுதி முடித்ததைச் சரிபார்க்கவும் உதவும். ஆங்கிலத் தொடரின் முதன்மைப் பெயரை மீண்டும் வினைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். 'ஐ சாட் தி சேர்' என்பது ஒலிக்கும்போதே இடறுகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது.

'இல்' என்பதற்கு 'இன்' நிகர் அல்ல

தொடக்கநிலைப் பாடங்களில் உருபுகளுக்கு எதிரே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக் கற்பிக்கும் பழக்கம் உண்டு. 'இல்' என்றால் 'இன்', 'கு' என்றால் 'டு', 'ஓடு' என்றால் 'வித்' என்று அந்தப் பட்டியல் போகும். முதல் வாரத்துக்கு அது உதவும். அதன்பிறகு அதுவே பிழைகளுக்கு ஊற்றாகிவிடும். தமிழ் உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும் உலகை ஒரே கோட்டில் பிரிப்பதில்லை.

தமிழில் பெட்டியில், சுவரில், வாசலில் என்று மூன்றுக்கும் 'இல்' போதும். ஆங்கிலம் இவற்றை மூன்று வகை இடங்களாகப் பார்க்கிறது. பெட்டி ஒரு பொருளைச் சூழ்ந்து அடக்கிக்கொள்ளும் இடம், ஆகவே 'இன் தி பாக்ஸ்'. சுவர் ஒரு பரப்பு, அதில் படம் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆகவே 'ஆன் தி வால்'. வாசல் என்பது ஒருவர் நிற்கும் ஒரு புள்ளியாக மட்டும் கருதப்படுகிறது, ஆகவே 'அட் தி டோர்'. படம் 'இன் தி வால்' என்று எழுதினால், சுவருக்குள்ளே பதித்துக் கட்டிய படம் என்று பொருள்பட்டுவிடும். உள்ளே அடங்கியதா, பரப்பில் தொட்டதா, புள்ளியில் நிற்பதா என்று பொருளைப் பார்த்துக் கேட்டால் இடம் குறித்த 'இல்' பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும்.

காலத்துக்கு வரும்போது இந்தக் கேள்வி அவ்வளவு துணை செய்வதில்லை. மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', கடிகார நேரத்துக்கு 'அட்' என்பது ஓரளவு ஒழுங்கானது. ஆனால் காலையில் என்பது 'இன் தி மார்னிங்' ஆகவும் இரவில் என்பது 'அட் நைட்' ஆகவும் இருப்பதற்குத் தருக்கம் தேடுவதில் பயனில்லை. அவற்றை அப்படியே பழகிக்கொள்வதுதான் வழி.

மூன்றாவது வகை 'இல்' இன்னும் ஏமாற்றக்கூடியது. "பேருந்தில் வந்தேன்" என்பதில் 'இல்' இடத்தைவிட வழிமுறையையே சொல்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ கேம் பை பஸ்'. "நூலகத்தில் புத்தகம் எடுத்தேன்" என்பதில் 'இல்' எங்கிருந்து என்பதைச் சொல்கிறது; ஆங்கிலத்தில் இரவல் பெறுதலைக் குறிக்கும் 'பாரோ' என்ற வினை 'ஃப்ரம்' என்ற சொல்லைத்தான் கேட்கும். இங்கேதான் இக்கட்டுரையின் மையக் கருத்து தெளிவாகிறது: உருபைத் தனியாக மொழிபெயர்க்க முடியாது. முதலில் ஆங்கில வினையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த வினை எந்த முன்னிடைச்சொல்லோடு பழகுகிறது என்று பார்க்க வேண்டும்.

'கு' உருபும் ஏழு பொருளும்

நம் இலக்கணிகள் இதை எப்போதோ உணர்ந்திருந்தார்கள். நன்னூல் நான்காம் வேற்றுமையின் உருபு 'கு' ஒன்றே என்று சொல்லிவிட்டு, அதன் பொருள்களாகக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று ஏழை எண்ணுகிறது. அவற்றோடு 'ஆதி' என்றும் சேர்த்து, இன்னும் உண்டு என்பதைக் குறிப்பாகச் சொல்கிறது. ஒரே உருபு பல உறவுகளைச் சுமக்கிறது என்பது தமிழுக்குள்ளேயே தெரிந்த செய்தி. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த உறவுகள் தனித்தனிச் சொற்களாகப் பிரிந்துவிடுகின்றன. கொடைப் பொருளில் வரும் "அவளுக்குக் கொடுத்தேன்" என்பதில் 'டு' வரும். பொருட்டுப் பொருளில் வரும் "கூலிக்கு வேலை செய்தான்" என்பதில் 'ஃபார்' வரும். முறைப் பொருளில் வரும் "அரசனுக்கு மகன்" என்பதில் 'ஆஃப்' வரும். "பத்து மணிக்கு" என்பதில் 'அட்' வரும். "வீட்டுக்குப் போனாள்" என்பதில் எதுவுமே வராது. 'ஷி வென்ட் ஹோம்' என்பதே போதும்.

'கு' ஏற்ற பெயரே ஆங்கிலத்தில் எழுவாயாக மாறுவதும் உண்டு. எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள் என்ற மூன்றிலும் 'நான்' என்ற எழுவாய் கிடையாது. அறிவும் பசியும் உறவும் எனக்கு நேர்கின்றன என்பதே தமிழின் பார்வை. ஆங்கிலம் மூன்றிலும் 'ஐ' என்பதை எழுவாயாக நிறுத்தி, வினையை மாற்றிக்கொள்ளும்: 'ஐ நோ', 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ ஹாவ் டூ யங்கர் பிரதர்ஸ்'. 'ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்' என்பது போன்ற வாக்கியங்கள், உருபைப் பெயர்த்துவிட்டு வாக்கியத்தின் அமைப்பை மாற்றாமல் விட்டதால் பிறப்பவை. ஒரு தமிழ் வாக்கியம் 'எனக்கு', 'அவருக்கு' என்று தொடங்கி, இறுதி வினை அந்த நபரின் செயலைக் குறிக்காமல் அவருக்கு நேர்வதையோ வாய்த்திருப்பதையோ குறித்தால், ஆங்கிலத்தில் அந்த நபரை எழுவாயாக்கிப் பார்ப்பது பெரும்பாலும் சரியாக அமையும்.

உருபு இருக்கும் இடத்தில் ஆங்கிலம் எதையும் கேட்காமலிருப்பதும், உருபு எளிதாக இருக்கும் இடத்தில் கூடுதலாக ஒன்றைக் கேட்பதும் இணைந்தே கவனிக்க வேண்டியவை. "அவனோடு திருமணம்", "ஆசிரியரிடம் கேட்டேன்", "அதைப் பற்றி விவாதித்தோம்" ஆகியவற்றில் தமிழ் தெளிவாக ஒரு சொல்லை வைத்திருப்பதால், 'மேரீட் வித்', 'ஆஸ்க்டு டு', 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழைகள் நம் ஆங்கிலத்தில் மலிந்திருக்கின்றன. அந்த மூன்று வினைகளும் நேராகச் செயப்படுபொருளை ஏற்பவை. 'மேரீட் ஹிம்', 'ஆஸ்க்டு தி டீச்சர்', 'டிஸ்கஸ்டு இட்' என்றே எழுத வேண்டும். மறுபுறம் "இசையைக் கேட்டேன்" என்பதில் வெறும் 'ஐ' இருந்தாலும் 'லிசன்ட் டு மியூசிக்' என்று 'டு' வேண்டும். வினையைக் கற்கும்போதே அதன் முன்னிடைச்சொல்லையும் அல்லது முன்னிடைச்சொல் இல்லை என்பதையும் சேர்த்து ஒரே அலகாகக் கற்பது இதனால்தான் சிறந்தது.

'முன்பு' என்ற ஒரு சொல்

காலப் பின்னுருபுகளில் மிகுதியாகப் பிழை தருவது 'முன்பு'. "மூன்று நாளுக்கு முன்பு வந்தேன்" என்பதை 'ஐ கேம் பிஃபோர் த்ரீ டேஸ்' என்று எழுதுவதைப் பரவலாகக் காணலாம். இப்போதிலிருந்து பின்னோக்கி அளந்து சொல்லும்போது ஆங்கிலம் 'பிஃபோர்' என்பதை விட்டு, 'அகோ' என்ற வேறு சொல்லை எடுக்கிறது: 'ஐ கேம் த்ரீ டேஸ் அகோ'. அதைவிடக் கவனிக்கத்தக்கது அதன் இடம். 'அகோ' தமிழ்ப் பின்னுருபு போலவே அளவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. எல்லா உறவுச் சொல்லையும் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று விதியாகப் பழகியவர் இங்கே தேவையில்லாமல் திருப்பிப் பிழை செய்கிறார். தமிழ் வரிசையை அப்படியே வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

"தேர்வுக்கு முன்பு" என்று ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டால் 'பிஃபோர் தி எக்ஸாம்'. "தேர்வுக்கு மூன்று நாள் முன்பு" என்று நிகழ்ச்சியும் அளவும் சேர்ந்து வந்தால் தேர்வு மட்டும் கடைசிக்குப் போய் 'த்ரீ டேஸ் பிஃபோர் தி எக்ஸாம்' ஆகும். "வீட்டுக்கு முன்னால்" என்று இடத்தைக் குறித்தால் 'இன் ஃப்ரன்ட் ஆஃப் தி ஹவுஸ்'. அளவு இப்போதிலிருந்தா, வேறொரு நிகழ்ச்சியிலிருந்தா, அல்லது இது இடமா என்று கேட்டுவிட்டால் குழப்பம் நீங்கும்.

இதே வகைக் கேள்வி '-க்குள்' என்பதற்கும் பொருந்தும். "வெள்ளிக்கிழமைக்குள்" என்பதில் எல்லையாக ஒரு நாள் இருக்கிறது, ஆகவே 'பை ஃப்ரைடே'. "ஒரு வாரத்துக்குள்" என்பதில் ஒரு கால நீளம் இருக்கிறது, ஆகவே 'வித்தின் எ வீக்'. "மூன்று ஆண்டுகளாக" என்பதும் நீளமே என்பதால் 'ஃபார் த்ரீ இயர்ஸ்' ஆகும். "காலையிலிருந்து" என்பது தொடக்கப் புள்ளியைச் சொல்வதால் 'சின்ஸ் மார்னிங்' ஆகும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பெயர்த்துப் பார்ப்போம்

"நேற்று என் தங்கை நூலகத்தில் எடுத்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாள்."

இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'எஸ்டர்டே மை சிஸ்டர் லைப்ரரி இன் டுக் புக் டேபிள் இன் கெப்ட் ஃப்ரென்ட் ஹவுஸ் டு வென்ட்' என்று வரும். ஒரு வரிசையாகச் சொற்களை அடுக்கியது போலிருக்கிறது. இதைத் திருத்த முயல்வதைவிட, தமிழ் வாக்கியத்தின் கடைசியிலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது.

கடைசிச் சொல் 'போனாள்'. யார் போனது? தங்கை. ஆங்கில வாக்கியத்தின் எலும்பு கிடைத்துவிட்டது: 'மை சிஸ்டர் வென்ட்'. போதல் என்ற வினை சென்றடையும் இடத்துக்கு 'டு' கேட்கும். தோழி வீடு என்பதில் தமிழ் சொல்லாமல் விட்ட உடைமையை ஆங்கிலம் சொல்லியாக வேண்டும். ஆகவே 'வென்ட் டு ஹர் ஃப்ரென்ட்ஸ் ஹவுஸ்'.

அதற்கு முன்னால் 'வைத்துவிட்டு' என்ற வினையெச்சம் இருக்கிறது. அதே தங்கை முதலில் செய்து முடித்த செயல் அது. ஆங்கிலத்தில் இதற்குத் தனி எச்ச வடிவம் தேட வேண்டியதில்லை. நிகழ்ந்த வரிசையிலேயே இரண்டு வினைகளையும் 'அண்ட்' என்று இணைத்தால் போதும். வைத்தல் என்பதற்கு 'கெப்ட்' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது வைத்துக்கொண்டிருத்தலைக் குறிக்கும். ஓரிடத்தில் வைக்கும் செயலுக்கு 'புட்' என்பதே பொருத்தம். 'புட்' என்ற வினை இரண்டைக் கேட்கிறது, எதை என்றும் எங்கே என்றும். மேசை பரப்பு என்பதால் 'ஆன் தி டேபிள்'.

இனி எதை என்பது. புத்தகம்தான் தலைச்சொல், "நூலகத்தில் எடுத்த" என்பது அதன் விவரம். பெயரெச்சத்தை உடைத்தால் "தங்கை புத்தகத்தை நூலகத்தில் எடுத்தாள்" என்று வருகிறது. தமிழ் இங்கே 'அவள்' என்பதைச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் 'ஷி' வேண்டும். எடுத்தல் என்பது இரவல் பெறுதல், ஆகவே 'பாரோ', அது கேட்பது 'ஃப்ரம்'. வைப்பதற்கு முன்பே நடந்துவிட்டதால் 'ஹாட் பாரோட்'. எல்லாம் சேர்ந்து 'மை சிஸ்டர் புட் தி புக் ஷி ஹாட் பாரோட் ஃப்ரம் தி லைப்ரரி ஆன் தி டேபிள் அண்ட் வென்ட் டு ஹர் ஃப்ரென்ட்ஸ் ஹவுஸ்' என்றாகிறது.

மிச்சமிருப்பது 'நேற்று'. அது எதைச் சேர்ந்தது? நேற்று போனாளா, நேற்று எடுத்தாளா? தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. பேசும்போது சிறு நிறுத்தம் அதைத் தெளிவாக்கும், எழுத்தில் அது இல்லை. ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எழுத முடியாது. போனதற்கு உரியதென்றால் 'எஸ்டர்டே' வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். எடுத்ததற்கு உரியதென்றால் 'லைப்ரரி' என்ற சொல்லை அடுத்து வரும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இந்தக் கேள்வி இருப்பதையே அறியாமல் கடந்துவிடுவார் என்பதே எனக்கு மிகவும் கவலை தரும் பிழை. முன்பின் வாக்கியங்களைப் பார்த்தோ எழுதியவரைக் கேட்டோ இதை முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. 'புட்' என்ற வினைக்கும் அது கேட்கும் 'ஆன் தி டேபிள்' என்பதற்கும் நடுவே நீண்ட விவரம் வந்துவிட்டதால், மேசைமேல் நூலகம் இருப்பதாக ஒரு கணம் படித்துவிட நேரலாம். விவரம் முக்கியமில்லாத இடத்தில் 'ஹர் லைப்ரரி புக்' என்று சுருக்கிவிடுவது நல்லது. முக்கியம் என்றால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடலாம். தமிழ், எச்சங்களால் நீண்ட தொடரை எளிதாகத் தாங்கும். அந்த நீளத்தை ஆங்கிலத்திலும் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வரிசையே பொருளாகும் இடம்

தமிழில் சொல்வரிசை நெகிழ்வானது என்றாலும், பொருளற்றது அல்ல. "புத்தகத்தை என் தங்கை எடுத்தாள்" என்று சொல்லும்போது, வினையை ஒட்டி நிற்கும் தங்கைக்கு அழுத்தம் கூடுகிறது. "என் தங்கை புத்தகத்தை எடுத்தாள்" என்பதில் அந்த அழுத்தம் இல்லை. இரண்டையும் ஒரே ஆங்கில வாக்கியமாக, 'மை சிஸ்டர் டுக் தி புக்' என்று எழுதினால் செய்தி போய்ச் சேரும், அழுத்தம் போய்ச் சேராது. "புத்தகத்தை எடுத்தது என் தங்கை" என்று தமிழே அமைப்பை மாற்றி அழுத்தத்தை வெளிப்படையாக்கினால், ஆங்கிலத்திலும் 'இட் வாஸ் மை சிஸ்டர் ஹூ டுக் தி புக்' என்று தனி அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 'தான்' வரும் வாக்கியங்களுக்கும் இதே அமைப்பு பெரும்பாலும் ஏற்கும். ஆனால் ஒவ்வொரு சிறு இடமாற்றத்துக்கும் அதைப் பயன்படுத்தினால் ஆங்கிலம் செயற்கையாகிவிடும் என்பதால், யார் எடுத்தது என்ற கேள்விக்கு விடையாகவோ, வேறொருவர் எடுத்ததாகக் கருதியதை மறுப்பதற்காகவோ அந்தத் தமிழ் வாக்கியம் எழுதப்பட்டிருக்கும்போது மட்டும் அதை எடுப்பது நல்லது.